ஒரே வலைத்தளம், மூன்று கணக்கு: மணி நேர மதிப்பீட்டில் எது தாங்குகிறது?

பங்குனி மாதம் மேலமாசி வீதிப் பக்கமிருந்து ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்காரர்கள் வந்தார்கள். ஐந்து பக்க வலைத்தளம் வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். அப்பா, இரண்டு மகன்கள் என மூன்று பேர் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். இப்படிக் கேட்கும்போது பதில் சொல்ல மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் நான் வெவ்வேறு காலத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த முறை மூன்றையும் ஒரே பதிவேட்டின் மேல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். உள்ளூர்க் கடைகளுக்குத் தனியாளாக வேலை செய்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் பதிவேடு. முன்பு முடித்த ஒன்பது வலைத்தளங்களுக்கும் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு: ஐந்து பக்கம், படங்கள், தொடர்புப் படிவம். நேரத்தை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுவது என் வழக்கம். வடிவமைத்துக் கட்டி முடிப்பது வேலை. காட்டிய பிறகு அவர்கள் சொல்லும் மாற்றங்களைச் செய்வது திருத்தம். போன், வாட்ஸப், நேரில் போய் உட்காருவது எல்லாம் பேச்சு.

| தளம் | வேலை | திருத்தம் | பேச்சு | மொத்தம் |
|---|---|---|---|---|
| 1 | 22 | 4 | 4 | 30 |
| 2 | 24 | 5 | 5 | 34 |
| 3 | 20 | 3 | 3 | 26 |
| 4 | 26 | 12 | 10 | 48 |
| 5 | 23 | 6 | 5 | 34 |
| 6 | 25 | 5 | 6 | 36 |
| 7 | 21 | 14 | 11 | 46 |
| 8 | 24 | 4 | 4 | 32 |
| 9 | 27 | 13 | 12 | 52 |

முதல் வழி எல்லோரும் செய்வது. வேலை எத்தனை மணி நேரம் என்று பார்த்து, அதன் மேல் இருபது சதவீதம் போடுவது. வேலைப் பத்தியின் நடு எண் 24. அதோடு இருபது சதவீதம் சேர்த்தால் சுமார் 29 மணி நேரம். இப்போது மொத்தப் பத்தியைப் பாருங்கள். ஒன்பதில் எட்டுத் தளங்கள் 29-ஐத் தாண்டியிருக்கின்றன. மூன்றாவது தளம் ஒன்றுதான் உள்ளே அடங்கியது. அதாவது இந்த இருபது சதவீதம் எந்தக் கணக்கிலிருந்தும் வரவில்லை. கேட்பவருக்கு உறுத்தாத ஓர் எண், அவ்வளவுதான். பல வருடம் நான் இப்படித்தான் விலை சொன்னேன். மிச்ச நேரத்தை ராத்திரியில் உட்கார்ந்து ஈடுகட்டினேன்.

இரண்டாவது வழி நேர்மையானது. என் மனக்கணக்கை நம்பாமல், பழைய வேலைகள் மொத்தமாக எவ்வளவு எடுத்தன என்பதையே நேராகக் கேட்பது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970-களின் பிற்பகுதியில் சொன்னதும் இதைத்தான்: கையிலிருக்கும் வேலையை உள்ளிருந்து பார்த்துத் திட்டமிடுபவர்கள் நேரத்தைக் குறைத்தே சொல்வார்கள், அதே மாதிரி முன்பு நடந்த வேலைகள் எப்படி முடிந்தன என்று வெளியிலிருந்து பார்த்தால் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் வரும். விரிதாளில் இதற்கு ஒரு வரி போதும். வேலை B, திருத்தம் C, பேச்சு D, மொத்தம் E என்று பத்திகள் இருந்தால்:

```
=MEDIAN(B2:B10)
=PERCENTILE(E2:E10, 0.8)
```

முதல் வரி, முதல் வழியில் எடுத்த வேலைப் பத்தியின் நடு எண்ணைத் தரும். இரண்டாவது வரி, பத்தில் எட்டு வேலைகள் அடங்கக்கூடிய அளவைத் தரும். என் பதிவேட்டில் அது 46.8, சரி, 47 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வழியில் ஒரு வசதி உண்டு: திருத்தமும் பேச்சும் ஏற்கெனவே மொத்தத்துக்குள் இருக்கின்றன. அதனால் இதன் மேல் இன்னொரு இருபது சதவீதம் போடக் கூடாது. போட்டால் ஒரே திருத்தத்துக்கு இரண்டு முறை நேரம் ஒதுக்கியதாக ஆகிவிடும். அனுபவசாலிகளே இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் 47 என்ற எண்ணைப் பட்டியலோடு வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 26, 30, 32, 34, 34, 36 என்று ஆறு தளங்கள் ஒரு பக்கம். 46, 48, 52 என்று மூன்று இன்னொரு பக்கம். நடுவே பத்து மணி நேரம் வெற்றிடம். இது ஒரே கூட்டம் இல்லை, இரண்டு கூட்டம். முதல் ஆறும் ஒருவர் மட்டும் முடிவெடுக்கும் கடைகள்: ஒரு பல் மருத்துவர், ஒரு தட்டச்சு நிலையம், அந்த மாதிரி. பின் மூன்றும் குடும்பக் கடைகள். அண்ணன் சரி என்றால் தம்பி வேண்டாம் என்பார். இருவரும் ஒத்துப்போனால் அப்பா ஊரிலிருந்து வந்து பார்ப்பார்.

இரண்டு கூட்டத்துக்கும் 47 என்று சொன்னால் என்ன ஆகும்? பல் மருத்துவருக்கு அது 11 முதல் 21 மணி நேரம் வரை அதிகம். வேலை கை நழுவிப் போகும். குடும்பக் கடைக்கோ அது போதாது. மூன்றில் இரண்டு 47-ஐத் தாண்டியிருக்கின்றன. எங்கே பாதுகாப்பு தேவையோ அங்கேயே தாங்காத பாதுகாப்பு இது. ஆகவே மொத்தத்தைக் கேட்பது சரியான கேள்விதான், ஆனால் எந்த வேலைகளைச் சேர்த்துக் கேட்கிறோம் என்பதில் தவறிவிடலாம். வரிசைப்படுத்திய மொத்தங்களுக்கு நடுவே பெரிய இடைவெளி தெரிந்தால், அதைப் பிரிக்காமல் சராசரியும் எடுக்க வேண்டாம், எண்பது சதவீதமும் எடுக்க வேண்டாம்.

மூன்றாவது வழி பிரித்துக் கணக்கிடுவது. வேலைப் பத்தியை மட்டும் பாருங்கள். அது 20-லிருந்து 27-க்குள் அடங்கிவிடுகிறது. யார் முடிவெடுத்தாலும் கட்டுவதற்கு ஆகும் நேரம் பெரிதாக மாறவில்லை. ஆடுவதெல்லாம் மற்ற இரண்டு பத்திகள். அவை எதைப் பொறுத்து ஆடுகின்றன என்று பழைய வாட்ஸப் உரையாடல்களை எடுத்து உட்கார்ந்து எண்ணினேன். நான் ஒன்றை அனுப்பி, அவர்கள் திருத்தம் சொல்லி, நான் மாற்றி மறுபடி அனுப்பும் வரை ஒரு சுற்று. ஒருவர் முடிவெடுத்த ஆறு தளங்களில் 12 சுற்று, 27 மணி நேரம். குடும்பக் கடைகள் மூன்றில் 17 சுற்று, 39 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம்தான்! குடும்பக் கடைக்காரர்கள் கடினமான திருத்தம் சொல்வதில்லை. அதிக முறை சொல்கிறார்கள், அவ்வளவே. இதைக் கண்டபோது அவர்கள் மேல் இருந்த என் எரிச்சலே போய்விட்டது.

பேச்சு வேறு கதை. அது வாரங்களைப் பொறுத்தது. தளம் கையில் இருக்கும் ஒவ்வொரு வாரமும், வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும், "என்ன ஆச்சு தம்பி?" என்று ஒரு போன் வரும், நானும் இரண்டு முறை கேட்பேன். ஒருவர் கடைகளில் 18 வாரத்துக்கு 27 மணி நேரம், அதாவது வாரம் ஒன்றரை. குடும்பக் கடைகளில் 17 வாரத்துக்கு 33, அதாவது வாரம் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. வேலையின் சதவீதமாகப் பேச்சைக் கணக்கிட்டால் ஏன் பிசகுகிறது என்பது இதில் தெரியும். தளம் தூங்கினாலும் பேச்சு தூங்குவதில்லை.

ஆகவே மூன்றாவது வழியின் கணக்கு இது:

```
மொத்தம் = வேலை + (சுற்று × 2.25) + (வாரம் × வாரப் பேச்சு)
```

வேலைக்கு நடு எண்ணான 24-ஐ எடுக்காமல், எண்பது சதவீத அளவான 25.4-ஐ மேல்நோக்கி 26 ஆக்கிக்கொண்டேன். ஒருவர் கடைக்கு இரண்டு சுற்று, மூன்று வாரம், வாரம் ஒன்றரை என்று போட்டால் 35 வருகிறது. குடும்பக் கடைக்கு ஆறு சுற்று, ஆறு வாரம், வாரம் இரண்டு என்று போட்டால் 51.5. இந்த எண்கள் பழைய பதிவேட்டோடு அழகாகப் பொருந்துகின்றன. அதே பதிவேட்டிலிருந்து எடுத்ததால் பொருந்தத்தான் செய்யும். அதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிலும் குடும்பக் கடைகள் மூன்றே மூன்று. சோதனை அடுத்த வேலைதான், அதாவது சுங்குடிக் கடை.

அந்தக் கடைக்கு ஆறு வாரம் போதாது. நடுவில் சித்திரைத் திருவிழா வருகிறது. மாசி வீதிகளில் தேர் ஓடும், அழகர் ஆற்றில் இறங்கும், அந்த நாட்களில் அவர்கள் படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல உட்காரப்போவதில்லை. ஒரு வாரம் கூட்டி ஏழாக வைத்தேன். 26, 13.5, 14, மொத்தம் 53.5 மணி நேரம். முதல் வழி 29 என்கிறது, இரண்டாவது 47 என்கிறது.

மூன்றாவது வழியை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம், அதில் பேரம் பேச இடமிருக்கிறது. 47 என்றால் 47. ஏன் என்று கேட்டால் முன்பெல்லாம் அவ்வளவு ஆனது என்றுதான் சொல்ல முடியும். 53.5-ஐப் பிரித்துக் காட்டலாம். கடையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன்: "ஐயா, தளம் கட்ட ஆவது பாதிதான். மீதி உங்க மூணு பேரையும் ஒத்துக்க வைக்கிறதுக்கு." அவர் சிரித்துவிட்டார். பிறகு கேட்டேன், மூன்று பேரும் உங்களுக்குள் பேசி, சின்னவர் ஒருவர் வழியாகவே திருத்தம் வந்தால் மூன்று சுற்று, நான்கு வாரம், வாரம் ஒன்றரை மணி நேரப் பேச்சு என்று கணக்கிடலாமா என்று. 26, 6.75, 6, மொத்தம் 38.75. மூன்று சுற்றுக்கு மேல் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக் காசு என்று எழுதியும் கொடுத்தேன். சம்மதித்தார்கள். நான்கு வாரம் என்பதால் திருவிழாவுக்கு முன்பே முடித்துவிடலாம் என்பது அவர்களுக்கும் பிடித்துவிட்டது.

வேலைக்கு 25, திருத்தத்துக்கு 8, பேச்சுக்கு 7, ஆக 40 மணி நேரத்தில் முடிந்தது. நான்காவது சுற்று வரவில்லை. ஆனால் மூன்றாவது சுற்றில் சின்னவர், "அண்ணே, அப்படியே சேலைகளுக்குத் தனியா ஒரு பக்கம் போட்டுடுங்க" என்றார். ஐந்து பக்கத்தில் அது இல்லை. புதுப்பக்கம் திருத்தம் ஆகாது. அதைத் திருத்தப் பத்தியில் எழுதினால் அடுத்த மதிப்பீட்டில் ஒரு சுற்றின் விலை பொய்யாக ஏறிவிடும். நான்காவதாக 'புதிது' என்று ஒரு பத்தி திறந்து, அதற்கு ஆன மூன்றரை மணி நேரத்தை அங்கே எழுதி, தனியாகக் காசு வாங்கினேன்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. பேச்சைத் தவறாமல் எழுத வேண்டும். ஏழு நிமிட போனுக்கு யார் டைமரைத் தட்டுவது என்று விட்டால் அந்தப் பத்தி பாதியாகிவிடும். வாரக் கடைசியில் போனின் அழைப்புப் பட்டியலைத் திறந்து அந்தக் கடையின் எண்ணை மட்டும் தேடிக் கூட்டிப் பார்க்கிறேன். குறித்த நேரத்தைவிட அது கூடுதலாக இருந்தால் பதிவு ஒழுகுகிறது என்று அர்த்தம். மூன்று பத்தியாக எழுதும் பழக்கம் இன்னும் வராதவர்கள் இப்போதைக்கு இரண்டாவது வழியில் இருப்பதே நல்லது, ஒருவர் கடையையும் குடும்பக் கடையையும் பிரித்து வைத்து. கூடவே ஒவ்வொரு வேலையிலும் எத்தனை சுற்று, எத்தனை வாரம் என்று இரண்டு எண்களை மட்டும் குறித்து வரலாம். அதற்கு டைமர்கூட வேண்டாம்.

என் விரிதாளில் குடும்பக் கடைகள் இப்போது நான்கு. நான்காவது வரிசையின் பக்கத்தில் 'ஒரே ஆள் வழியாக' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று சொல்ல இன்னும் இரண்டு மூன்று வேலை வர வேண்டும்.