சலுகைக் கடனில் அரிசி ஆலை: ஏபிவியா, வாக்கா?

பரந்தன் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை ஒன்று போட நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கணக்குப் பார்த்தபோது, எந்த முறையில் பார்ப்பது என்பதே பெரிய இழுபறியாகிவிட்டது. மூவரில் ஒருவர் வாக் முறைக்கு நின்றார், அதாவது நிறையிட்ட சராசரி மூலதனச் செலவு. நான் ஏபிவிக்கு நின்றேன், அதாவது சீராக்கப்பட்ட தற்போதைய பெறுமதி. கடைசியில் ஏபிவியில்தான் முடிவெடுத்தோம். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள பொது வித்தியாசம் தெரிந்ததுதான். வாக் முறையில் கடனின் நன்மை முழுவதும், வருங்கால வரவை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் காட்டும் கழிவு வீதத்துக்குள் கரைந்துவிடும். வட்டி மலிவானால் வீதம் குறையும், பெறுமதி கூடும், ஒரே கணக்கில் வேலை முடியும். ஏபிவியில் முதலில் கடனே இல்லாதது போலத் திட்டத்தை மதிப்பிட்டு, பிறகு கடனால் வருவதையும் போவதையும் தனித்தனி வரியாகக் கூட்டிக் கழிக்க வேண்டும். இதை 1974இல் ஸ்டூவர்ட் மையர்ஸ் முன்வைத்தார். பங்காளிகளுக்கு மிஞ்சும் காசை மட்டும் கழிவு செய்யும் மூன்றாவது வழியும் உண்டு. கடன் குறையக் குறைய அதன் கழிவு வீதத்தையும் வருடா வருடம் மாற்ற வேண்டியிருப்பதால் அதை நாங்கள் தொடவில்லை.

எங்கள் எண்களைக் கொஞ்சம் உருண்டையாக்கித் தருகிறேன். கட்டடம், கொதிகலன், உலர்த்தி, அரைக்கும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 600 இலட்சம் ரூபா. கடனே இல்லை என்று வைத்து, வரியும் கட்டிய பிறகு, வருடம் 150 இலட்சம் மிஞ்சும். அது எட்டு வருடத்துக்கு. கடைசியில் இயந்திரத்துக்கு விலை எதுவும் போடவில்லை. இரணைமடுவில் தண்ணீர் போதாத வருடம் சிறுபோக நெல் குறையும், ஆலையும் பாதி நாள் சும்மா கிடக்கும். அந்த ஆபத்தை நினைத்து, கடனில்லாத நிலைக்கு 20 சதவீதக் கழிவு வீதம் வைத்தோம். கம்பனி வரி 30 சதவீதம்.

கடன் 300 இலட்சம், வட்டி 7 சதவீதம். ஐந்து வருடத்தில், வருட முடிவில் 60 இலட்சமாக முதலைத் திருப்ப வேண்டும். இதே ஆலைக்கு, இதே பிணையில், சலுகை இல்லாமல் வங்கி கேட்டிருக்கும் வட்டி 14 சதவீதம்.

வாக் ஆதரவாளர் போட்ட கணக்கு இது. பாதி கடன், பாதி சொந்த முதல். கடனின் செலவு வரிக்குப் பின் 4.9 சதவீதம். கடன் இருப்பதால் சொந்த முதலுக்கு ஆபத்து கூடும் என்று அதற்கு 26 சதவீதம் வைத்தார். சராசரி 15.45. அந்த வீதத்தில் தேறிய தற்போதைய பெறுமதி ஏறக்குறைய 63 இலட்சம் இலாபம். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

ஏபிவி சொன்னது வேறு. ஆலையை மட்டும் 20 சதவீதத்தில் பார்த்தால் 24.4 இலட்சம் நட்டம். அதற்குமேல் சலுகை வட்டியின் பெறுமதி 47 இலட்சம், கட்டும் வட்டிக்குக் கிடைக்கும் வரிச் சேமிப்பு 14.1 இலட்சம். ஈட்டு உறுதி எழுதும் செலவு, காணி மதிப்பீட்டுக் கட்டணம் போன்றவற்றுக்கு 4 இலட்சம் கழிக்க, முடிவில் 32.7 இலட்சம் இலாபம். அவருடைய தொகையில் பாதி அளவு.

இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதில்தான் முழு விடயமும் இருக்கிறது.

வாக் முறைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. திட்டத்தின் மிச்சப் பெறுமதியில் கடன் எப்போதும் அதே பங்காக இருக்கும் என்பதே அது. எங்கள் கணக்கில் அது பாதி. 15.45 சதவீதத்தில் பார்த்தால், நான்காம் வருடத் தொடக்கத்தில் ஆலையின் மிச்சப் பெறுமதி கிட்டத்தட்ட 498 இலட்சம். ஆகவே 249 இலட்சம் கடன் இருப்பதாக வாக் நினைத்துக்கொள்கிறது. வங்கிப் புத்தகத்தில் அப்போது இருப்பது 120. ஆறாம் வருடத் தொடக்கத்தில் இன்னும் 170 இலட்சத்தை 7 சதவீத வட்டியில் வைத்திருப்பதாக அது நினைக்கும். உண்மையில் ஐந்தாம் வருட முடிவோடு கடன் தீர்ந்து, ஈட்டு உறுதியும் கைக்கு வந்திருக்கும். இல்லாத கடனுக்குச் சலுகை கணக்குப் போட்டதால்தான் அந்த 63.

வீதத்தை வருடா வருடம் மாற்றி வாக்கைத் திருத்தலாம்தானே என்று கேட்கலாம். திருத்தலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் கடனின் பங்கு தெரிய வேண்டும். அதற்குத் திட்டத்தின் பெறுமதி தெரிய வேண்டும், அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம். சலுகைக் கடன் இன்ன திகதிக்கு இன்ன தொகை என்று தவணை அட்டவணையோடு வருகிறது. அட்டவணை கையில் இருக்கும்போது விகிதத்தை ஏன் ஊகிக்க வேண்டும்?

47 இலட்சம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் வருடம் 300 இலட்சத்துக்கு 14 சதவீத வட்டி 42 இலட்சம், நாம் கட்டுவது 21, மிச்சம் 21. இரண்டாம் வருடம் நிலுவை 240, மிச்சம் 16.8. பிறகு 12.6, 8.4, 4.2. இந்த ஐந்தையும் 14 சதவீதத்தில் இன்றைக்குக் கொண்டுவந்தால் 47.

இங்கேதான் மற்றப் பங்காளி மறித்தார். "வங்கி ஏழுதானே கேக்குது, நீ ஏன் மச்சான் பதினாலைப் போடுறாய்?" நியாயமான கேள்விதான். ஏழால் கழிவு செய்தால், கட்டப்போகும் தவணைகளின் இன்றைய பெறுமதி சரியாக 300 இலட்சமே வரும், அதாவது சலுகையே இல்லை என்றாகிவிடும். அந்தத் தவணைகளை வெளிச் சந்தை எவ்வளவுக்கு மதிக்கும் என்பதே கேள்வி. வெளியே 14 கொடுத்தால்தான் காசு கிடைக்கும் என்றால், 14தான் அளவுகோல்.

வரியில் ஒரு பொறி உண்டு. சலுகை வட்டியால் மிச்சமாகும் தொகைக்கு வரிச் சலுகை கிடைக்காது, ஆகவே சலுகையை வரிக்குப் பின்னால் கணக்கிட வேண்டும் என்று சிலர் 47ஐ 70 சதவீதமாகக் குறைப்பார்கள். அப்படிச் செய்தால் வரிச் சேமிப்பை 14 சதவீதச் சந்தை வட்டி முழுவதற்கும் போட வேண்டும். இல்லாவிட்டால் சலுகையை முழுதாக விட்டு, வரிச் சேமிப்பை உண்மையில் கட்டும் 7 சதவீத வட்டிக்கு மட்டும் போட வேண்டும். எந்த வழியில் போனாலும் 61.1 வரும். இரண்டிலும் குறைந்த பாதியை எடுத்துக் கலந்தால் 47தான் வரும், ஒரே வரியை இரண்டு தடவை கழித்திருப்போம். பிழையைப் பிடிக்க இலேசான வழி ஒன்று இருக்கிறது. வரிச் சேமிப்பைக் கழித்த ஐந்து தவணைகளையும் 14 சதவீதத்தில் இன்றைக்குக் கொண்டுவந்து கூட்டுங்கள், 238.9 வரும். கையில் வாங்கிய 300இலிருந்து அதைக் கழித்தால் 61.1.

ஏபிவியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். எல்லாம் அந்த 14இல் தொங்கிக்கொண்டிருக்கிறது. சந்தை வட்டி 10 என்று வைத்தால் சலுகை 21.8 ஆகச் சுருங்கும், வரிச் சேமிப்பு 15.2, முடிவில் மிஞ்சுவது 8.6 இலட்சம்தான். 2022 இறுதியில் முதன்மைக் கடன் வீதம் 25 சதவீதத்தையும் தாண்டிப் போன நாடு இது. அந்த மாதம் போட்ட கணக்கும் இன்று போடும் கணக்கும் ஒன்றாக இராது. வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. காணி அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால், உறுதிக் காணி போல அதை ஈடு வைக்க முடியாது, சாதாரண வட்டியில் வங்கி பெரிய கடன் தரவே தயங்கும். அப்போது சந்தை வட்டி என்று எதை எடுப்பது? நகை அடகு வட்டியையா, தனியாரிடம் வாங்கும் வட்டியையா? எங்களிடம் உறுதிக் காணி இருந்ததால் 14ஐ ஓரளவு துணிவோடு போட்டோம். மற்றவர்களுக்கு 12, 14, 18 என்று மூன்று தடவை போட்டுப் பாருங்கள் என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

வரிச் சேமிப்பிலும் முழு நம்பிக்கை வைக்க வேண்டாம். முதல் இரண்டு வருடம் வரிக்குரிய இலாபமே வராவிட்டால், 14.1இல் 9.4 அப்போது கைக்கு வராது. நட்டத்தை முன்கொண்டு சென்று பின்னால் பெற்றாலும், தாமதத்தால் பெறுமதி குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் ஏபிவியை விடாததற்குக் காரணம் அந்த முதல் வரி, 24.4 இலட்சம் நட்டம். ஆலை தன் காலில் நிற்கவில்லை, சலுகைதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது என்பது அங்கே அப்பட்டமாகத் தெரிந்தது. வாக்கின் 63க்குள் அது தெரியவே இல்லை. தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வந்தது: இதே கடன் வேறு எதற்காவது கிடைக்குமா? அறுவடை இயந்திரம் வாங்கி வாடகைக்கு விடவும் இதே 7 சதவீதம் கிடைக்குமென்றால், சலுகையின் 47 இலட்சத்தை ஆலையின் கணக்கில் எழுதக் கூடாது. கடன் எங்கே போனாலும் அந்த 47 கூடவே போகும். அந்த நிலையில், கடனில்லாமலே நட்டமில்லாத வேலைக்குத்தான் கடனைக் கொண்டுபோக வேண்டும். எங்கள் கடன் பதப்படுத்தும் தொழிலுக்கு மட்டும் என்று நிபந்தனையோடு வந்தது, அதனால் ஆலையின் கணக்கில் எழுதினோம். அப்படியும் நிறம் மாறிய அரிசியைப் பிரித்தெடுக்கும் கலர் சோர்ட்டரை முதல் கட்டத்திலிருந்து வெட்டினோம்.

வாக்குக்கும் ஓர் இடம் இருக்கிறது. காலபோக அறுவடையில் நெல் கொள்வனவுக்கு எடுக்கும் மேலதிகப் பற்று, வியாபாரம் பெருத்தால் பெருகும், சிறுத்தால் குறையும். அதற்கு அட்டவணை கிடையாது, சலுகையும் கிடையாது. அங்கே ஏறக்குறைய நிலையான விகிதம் என்ற அனுமானம் பொருந்தும். ஆலை ஓடத் தொடங்கி, சலுகைக் கடனும் தீர்ந்த பிறகு இரண்டாவது உலர்த்தி போடுவதா என்று பார்க்கும்போது நான் வாக்கைத்தான் எடுப்பேன். மேலே சொன்ன கணக்கில் அந்தப் பற்றை நாங்கள் சேர்க்கவில்லை. நெல் மூன்று மாதம் களஞ்சியத்தில் கிடந்தால் அதன் வட்டி எவ்வளவு தின்னும் என்பதை முதல் காலபோகம் முடிந்த பிறகுதான் சொல்ல முடியும்.