போர்டா, நம்பரா, டிக்கெட்டா: பஸ் படத்தில் எதை நம்புவது?

நண்பர் ஒரு பஸ் படத்தை அனுப்பி, "எந்த ஊர், சொல்லு" என்றார். எல்இடி போர்டில் 500 மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மற்றதெல்லாம் அரைகுறைப் புள்ளிகள். தாம்பரம்–செங்கல்பட்டு என்று சட்டென்று சொல்லிவிட்டேன். தப்பு.

வழித்தட எண்ணின் வம்பே இதுதான். ஒவ்வொரு ஊரும் தன் பாட்டுக்கு எண் கொடுக்கிறது. 500 சென்னையிலும் உண்டு, பெங்களூரிலும் உண்டு. ஊர் எது என்று தெரிந்த பிறகு அதே எண் தெருவரைக்கும் கொண்டுபோய் விடும். ஊரைக் கண்டுபிடிக்க மட்டும் அதை நம்பக் கூடாது.

அதற்குப் போர்டின் எழுத்துதான் முதல் துணை. ஆனால் எல்இடி விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை, வரிசை வரிசையாக மாறி மாறி எரிகின்றன. வெயிலில் கேமரா வேகமாகப் பிடிக்கும்போது பாதி எழுத்து காணாமல் போகும். அப்போது பஸ்ஸின் பக்கவாட்டில் பெயின்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். நண்பர் படத்தில் அங்கே உருண்டை உருண்டையாக எழுத்து. கன்னடமா, தெலுங்கா? நம்மில் பலர் சறுக்கும் இடம் இது. எழுத்தின் தலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். தெலுங்கில் அது வாத்தியார் போடும் 'டிக்' மாதிரி மேல்நோக்கிச் சாயும். கன்னடத்தில் படுக்கைக்கோடாகப் போய் நுனியில் வளையும். இங்கே படுக்கைக்கோடு. கன்னடம்.

எழுத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கோவையிலிருந்து பாலக்காடு போகும் நம் அரசுப் பஸ்ஸில் மலையாளமும் இருக்கும். எழுத்து காட்டுவது யார் ஏறுவார்கள் என்பதை. பஸ் எங்கே நிற்கிறது என்பதை அல்ல. சந்தேகம் வந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்: கர்நாடக அரசுப் பஸ்ஸில் எஃப், தமிழக அரசுப் பஸ்ஸில் என் என்ற எழுத்து வரும்.

டிக்கெட் மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்டக்டர் கையிலிருக்கும் கருவி பல மாநிலங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். அதிலிருந்து வரும் சீட்டு வேறு விஷயம்: ஏறிய இடம், இறங்கும் இடம், தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கும். படத்தில் அது படிக்கும்படி விழுந்திருந்தால் மற்ற இரண்டும் தேவையே இல்லை. ஆனால் எத்தனை படத்தில் அப்படி விழுகிறது? பழைய சீட்டு என்றால் எழுத்தும் வெளுத்திருக்கும்.

கன்னடம் என்று தெரிந்ததும் 500-க்குத் திரும்பினேன். பெங்களூரில் 500 வரிசை வெளிவட்டச் சாலையில் ஓடுவது. 500-டி ஹெப்பாளுக்கும் சில்க் போர்டுக்கும் இடையே போகும். பஸ்ஸுக்குப் பின்னால் கம்பிகள் விரிந்த பாலம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. கே.ஆர்.புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பிவடப் பாலம். நண்பருக்கு அதையே பதிலாக எழுதி அனுப்பினேன்.