நெல்லாக வாங்குவதா, வித்தியாசத்தைப் பணமாகத் தருவதா?

குறைந்தபட்ச ஆதரவு விலை என்பது ஓர் அறிவிப்புதான். விவசாயி கைக்கு அது போய்ச் சேர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அரசே விளைச்சலை வாங்குவது. இன்னொன்று, சந்தையில் விற்கவிட்டுக் குறையும் தொகையை மட்டும் தருவது.

முதல் வழிக்குத் தஞ்சைப் பக்கத்து நேரடி கொள்முதல் நிலையத்தைப் பாருங்கள். 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மத்திய விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 131 சேர்த்து 2,500. அதாவது 40 கிலோ சாக்குக்கு 1,000 ரூபாய். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழையில் நனைந்து 19 காட்டினால், காயவைத்துக் கொண்டுவா என்று திருப்பிவிடுவார்கள். தார்ப்பாயும் காத்திருப்பும் விவசாயி கணக்கில்தான். அலுத்துப் போனவர் வியாபாரியிடம் குறைத்து விற்றுவிடுகிறார். நிலையம் இல்லாத ஊரில் ஆதரவு விலை வெறும் காகிதம்.

சரி, வாங்காமலே பணம் கொடுத்தால்? மத்தியப் பிரதேசம் 2017-ன் மழைக்கால விதைப்புப் பருவமான காரிஃபில் 'பவாந்தர்' என்ற பெயரில் இதைச் செய்து பார்த்தது. அப்போது சோயாவின் ஆதரவு விலை 3,050 ரூபாய். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம்: சராசரி சந்தை விலை 2,600, நம் விவசாயி விற்றது 2,400. அரசு தருவது 3,050-க்கும் 2,600-க்கும் உள்ள வித்தியாசம், 450 மட்டுமே. கைக்கு வந்தது 2,850. மீதி 200 அவர் நஷ்டம். விற்க ஒரு குறிப்பிட்ட காலம்தான் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் மண்டிக்கு ஓடினார்கள். வித்தியாசத்தை அரசு தரும் என்று தெரிந்த வியாபாரி விலையை ஏன் ஏற்றுவார்? விலை சரிந்தது, வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்தார்கள் என்ற புகாரும் கிளம்பியது.

மாணவர்கள் இந்த ஒப்பீட்டில் பெரும்பாலும் செலவை மட்டும் பார்ப்பார்கள். சேமிப்பு, போக்குவரத்து, வட்டி எதுவும் இல்லாததால் இரண்டாவது வழி மலிவாகத் தெரியும். ஆனால் அதில் அரசின் கிடங்குக்கு ஒரு மணி தானியம்கூட வராது. ரேஷனுக்கும், அவசரத்துக்கென்று அரசு சேர்த்து வைக்கும் இடையக இருப்புக்கும் தானியம் வேண்டும். ஜூலை 1 அன்று மட்டும் அரிசியும் கோதுமையுமாக 411.2 லட்சம் டன் இருக்க வேண்டும் என்பது விதிமுறை. சோயாவுக்கு அந்தத் தேவை இல்லை. அதனால் அங்கே பவாந்தர் பற்றி யோசிக்கலாம். நெல்லுக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து.

கொள்முதலும் எப்போதும் கைகொடுக்காது. 2022-ல் மார்ச் வெப்பமும் உக்ரைன் போரும் சேர்ந்து கோதுமையின் சந்தை விலையை ஆதரவு விலையான 2,015-க்கு மேலே கொண்டுபோயின. விவசாயிகள் தனியாரிடமே விற்றார்கள். முந்தைய ஆண்டு சுமார் 433 லட்சம் டன்னாக இருந்த கொள்முதல் 188-க்கு விழுந்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அரிசியில் இதற்கு நேர்மாறு. கொண்டுவந்ததையெல்லாம் வாங்குவதால் இருப்பு விதிமுறையைத் தாண்டிக் குவிகிறது, அதைக் காலிசெய்ய வெளிச்சந்தையில் மலிவாக விற்க வேண்டியிருக்கிறது.