இறங்கியதும் விசா என்றாலும் கேள்வி ஏறுமிடத்திலேயே

இந்த முறை ஊருக்கு வரும்போது டிக்கெட்டை இரண்டாகப் பிரித்து எடுத்திருந்தோம். பாலி வரை ஒரு விமான நிறுவனம், சில நாள் கழித்து அங்கிருந்து இந்தியாவுக்கு வேறொன்று. கூட வந்தவர் என் மைத்துனர், மலேசியக் குடிமகன். என்னிடம் இந்திய பாஸ்போர்ட். எனக்கு இந்தோனேசியாவில் இறங்கியதும் விசா, அவருக்கு விசாவே வேண்டாம்.

ஆனாலும் செக்-இன் கவுண்டரில் இருவரிடமும் ஒரே கேள்விதான்: "அங்கிருந்து வெளியே போக டிக்கெட் எங்கே?" அவர்கள் திரையில் எங்கள் பயணம் பாலியோடு முடிந்துவிடுகிறது. அடுத்த டிக்கெட் வேறு நிறுவனத்தில் இருப்பதால் கண்ணில் படாது. இதில் அவர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நுழைய விடாமல் திருப்பி அனுப்பினால், பயணியைத் திரும்பக் கொண்டுபோகும் பொறுப்பு ஏற்றி வந்த நிறுவனத்தின் தலையில்தான் விழும்.

அதனால் நாம் காட்டும் டிக்கெட்டில் மூன்று விஷயம் பார்ப்பார்கள். நாட்டை விட்டே வெளியேற வேண்டும். பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்கு எடுத்த டிக்கெட் செல்லாது. அனுமதித்த 30 நாளுக்குள் இருக்க வேண்டும். இறங்கிய நாளே முதல் நாள். பணம் கட்டி வாங்கியதாக இருக்க வேண்டும். பக்கத்து வரிசையில் ஒருவர் பி.என்.ஆர். எண்ணை மட்டும் நீட்டினார். 13 இலக்க இ-டிக்கெட் எண் இல்லை, அதாவது இடம் பிடித்து வைத்திருக்கிறார், டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்ற விதியும் இருவருக்கும் பொதுதான்.

பணம் என்று வந்தால்தான் வித்தியாசம். எனக்கு 5,00,000 ரூபியா. இமிக்ரேஷனுக்கு முன்னால் உள்ள கவுண்டரில் கட்டலாம், அல்லது கிளம்பும் முன்பே evisa.imigrasi.go.id தளத்தில் கட்டிவிடலாம். முன்பே கட்டியவர்களுக்கு அந்த வரிசை மிச்சம். மைத்துனருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் காசு கொடுத்த என் விசாவை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம், அவருடைய இலவச அனுமதியை நீட்டிக்க முடியாது. இதைத் தெரியாமல் கூடுதல் நாள் தங்கினால் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். 2024 பிப்ரவரியிலிருந்து பாலி வாங்கும் 1,50,000 ரூபியா சுற்றுலாக் கட்டணம் விசாவோடு சேர்ந்ததல்ல. அதை அவரும் கட்டினார்.

பாலியில் தங்காமல் விமானம் மட்டும் மாறுபவர்களும் கவனிக்க வேண்டியது பெட்டியை. இப்படித் தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் பெட்டி கடைசி ஊர் வரை போகாது. வெளியே வந்து எடுத்துத் திரும்பப் போட வேண்டும். வெளியே வருவதென்றால் இமிக்ரேஷன் தாண்ட வேண்டும், சில மணி நேரத்துக்கும் அதே 5,00,000 ரூபியா. நான்கு பேர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபியா. பிரித்து எடுத்ததில் மிச்சமான பணம் அதைவிட அதிகமா என்று டிக்கெட் வாங்கும்போதே கணக்குப் பார்த்துவிடுங்கள்.