சில்க் போர்டு முதல் மாரத்தஹள்ளி வரை: பெங்களூரு பஸ்ஸைப் பழகிக்கொண்ட விதம்

பெங்களூருக்கு வேலைக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் முதல் மாதம் முழுக்க ஆட்டோவிலும் வாடகைக் காரிலும் பணத்தைக் கரைக்கிறார்கள். பஸ் பயம்தான் காரணம். போர்டில் ஊர்ப் பெயர் கன்னடத்தில் ஓடுகிறது, எண்ணுக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, நிறுத்தம் எங்கே என்று கேட்டால் நால்வர் நான்கு திசை காட்டுகிறார்கள். சில ஆண்டுகளாகத் தினமும் வெளிவட்டச் சாலையில் பிஎம்டிசி பஸ்ஸில் போய்வருகிறவள் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன். நகரம் முழுவதற்குமான தடங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாம் புழங்கும் ஒரு சாலையை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும்.

என் சாலை சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வரை. இந்த வெளிவட்டச் சாலையில் ஓடும் பஸ்களில் பெரும்பாலானவை 500 வரிசையைச் சேர்ந்தவை. எண்ணைப் பார்த்ததும் ஏறிவிடக் கூடாது. 500 என்பது எந்தச் சாலை என்பதை மட்டுமே சொல்கிறது. முடியும் இடத்தைச் சொல்வது அதன் பின்னால் வரும் எழுத்து. 500-D சில்க் போர்டிலிருந்து அகரா, இப்பளூர், பெல்லந்தூர், மாரத்தஹள்ளி வழியாக வந்து, நேரே கே.ஆர்.புரம் பக்கம் போய், ஹெப்பாளில் முடிகிறது. பனசங்கரியிலிருந்து வரும் 500-CA மாரத்தஹள்ளி வரை அதே சாலையில்தான் வரும். அங்கே திரும்பி, குந்தலஹள்ளி கேட் வழியாக ஐடிபிஎல் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போய்விடும். மாரத்தஹள்ளிக்கு முன்னால் இறங்குகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றே, எது முதலில் வந்தாலும் ஏறலாம். அதைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் எழுத்து முக்கியம். எண்ணுக்கு முன்னால் V இருந்தால் அது வஜ்ரா, அதாவது ஏசி பஸ். கட்டணம் அதிகம்.

குந்தலஹள்ளி பக்கம் வேலை, ஆனால் 500-CA வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்காக நிறுத்தத்தில் காத்துக்கிடக்க வேண்டாம். 500-D வந்தால் ஏறி மாரத்தஹள்ளி பாலத்தில் இறங்கிவிடலாம். மெஜஸ்டிக்கிலிருந்து பழைய விமான நிலையச் சாலை வழியாகக் காடுகோடி போகும் 335-E மாரத்தஹள்ளியைக் கடந்து குந்தலஹள்ளி வழியாகத்தான் போகிறது. ஆனால் 500-D இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றால் 335-E ஒருநாளும் வராது. அது குறுக்கே போகும் வேறு சாலையில் ஓடுகிறது, அந்தச் சாலையின் நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். பெங்களூரில் பெரிய சந்திப்பு ஒவ்வொன்றிலும் இந்த நிலைமைதான். சில்க் போர்டு என்ற பெயரில் ஒரே நிறுத்தம் இருப்பதாக நினைக்கக் கூடாது. ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டி போகும் பஸ்கள் நிற்கும் இடம் வேறு, வெளிவட்டச் சாலைக்குத் திரும்பும் பஸ்கள் நிற்கும் இடம் வேறு. யாரையாவது கேட்பதானால் “சில்க் போர்டு ஸ்டாப் எங்கே?” என்று கேட்காமல், “மாரத்தஹள்ளி பஸ் எங்கே நிற்கும்?” என்று கேளுங்கள். போகும் ஊரைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கிறது.

இந்தச் சாலை நெடுக மெட்ரோ வேலை நடப்பதால் நிறுத்தங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. வரைபடத்தில் இருக்கும் புள்ளியைவிடச் சாலையோரம் கூட்டமாக நிற்பவர்களையே நான் நம்புகிறேன். ‘Namma BMTC’ செயலி பஸ் எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும். பஸ் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். எத்தனை நிமிடத்தில் வரும் என்பதை நெரிசல் நேரத்தில் செயலியை வைத்து முடிவுசெய்ய முடியாது, இப்பளூர் சந்திப்பு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

அடுத்தது டிக்கெட். கண்டக்டர் வந்ததும் ஊரையும் எண்ணிக்கையையும் சொன்னால் போதும்: “மாரத்தஹள்ளி, ஒந்து.” யுபிஐ மூலம் செலுத்தலாம். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, பணம் போனதைத் திரையில் காட்டினால், கையடக்க இயந்திரத்திலிருந்து டிக்கெட் வரும். கூட்டத்தில் நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும் நேரங்கள் உண்டு. அதற்காக இருபது ரூபாய், பத்து ரூபாய்த் தாள்கள் சில எப்போதும் பையில் இருக்கட்டும். நூறு ரூபாய் நீட்டினால் பாக்கியை உடனே தரமாட்டார்கள். டிக்கெட்டின் பின்பக்கத்தில் பேனாவால் தொகையைக் கிறுக்கிக் கொடுப்பார் கண்டக்டர். அந்தக் கிறுக்கல்தான் நம் பாக்கிக்குச் சாட்சி. சில்லறை சேரச் சேரக் கொடுத்துக்கொண்டே வருவார். இறங்கும் நிறுத்தத்தில் கேட்டால் பஸ் நகர்ந்துவிடும், இரண்டு நிறுத்தம் முன்பே டிக்கெட்டைக் காட்டிக் கேட்டுவிட வேண்டும். வாங்கிய பிறகும் டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். இறங்குகிற இடத்தில் பரிசோதகர்கள் நிற்பதுண்டு.

2025 ஜனவரிக் கட்டண உயர்வுக்குப் பிறகு சாதாரண பஸ்ஸுக்கான தினப் பாஸ் 80 ரூபாய். அலுவலகம் போய்வருவது மட்டும் என்றால் தனித்தனி டிக்கெட்டே லாபம். வீடு தேடி நாள் முழுக்க அலைகிற வாரங்களில் பாஸ் எடுங்கள், தவறான பஸ்ஸில் ஏறினாலும் இறங்கி மாறிக்கொள்ளலாம். இந்தப் பாஸ் வஜ்ராவில் செல்லாது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. நம் ஊரில் 2021 முதல் சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்கள் எந்த அட்டையும் காட்டாமல் இலவசமாகப் போகிறோம். கர்நாடகத்தின் சக்தி திட்டம் 2023 ஜூன் 11 அன்று தொடங்கியது, அதில் கர்நாடக முகவரி கொண்ட அடையாள அட்டை வேண்டும். மதுரை முகவரியோடு ஆதார் வைத்திருப்பவர் இங்கே எத்தனை வருடம் வாழ்ந்தாலும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஆதார் முகவரியை மாற்றிவிடுங்கள், மாதச் செலவில் அது நன்றாகவே தெரியும். மாற்றிய பிறகும் கண்டக்டரிடம் அட்டையைக் காட்டிப் பூஜ்ஜியக் கட்டண டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் பரிசோதனையில் டிக்கெட் இல்லாத பயணிதான். ஏசி பஸ்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

முன்பகுதி இருக்கைகள் பெண்களுக்கானவை, ஆண்கள் உட்கார்ந்தால் அபராதம் உண்டு. கேட்டு எழுப்பத் தயங்க வேண்டாம், கண்டக்டரே வந்து எழுப்பிவிடுவார். எனக்குப் பெரிய அபாயமாகத் தெரிவது இறங்கும் நொடி. நெரிசலில் பஸ் ஓரத்தை ஒட்டாமல் சாலையின் நடுவிலேயே நின்று கதவு திறக்கும். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையிலான சந்தில் இருசக்கர வாகனங்கள் நுழைந்து வருகின்றன. அவை பஸ்ஸின் பின்பக்கமிருந்து வருவதால், கடைசிப் படியில் நின்று கம்பியைப் பிடித்தபடியே பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறேன். என் தோழிகளிடமும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கைப்பேசியை அந்த நேரத்தில் பைக்குள் வைத்துவிடுங்கள். மெஜஸ்டிக், கே.ஆர். மார்க்கெட் போன்ற இடங்களில் ஏறும்போதும் அப்படித்தான், ஜேப்படிக்காரர்களுக்குப் படிக்கட்டுத் தள்ளுமுள்ளுதான் வேண்டும்.

இரவு ஒன்பதரைக்கு மேல் பஸ்கள் சட்டென்று குறைந்துவிடும். தாமதமாக வேலை முடியும் நாட்களில் நேரடி பஸ்ஸுக்காகக் காத்திராமல், சில்க் போர்டு வரை போகும் எதில் இடம் கிடைத்தாலும் ஏறிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு அங்கே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஜெயநகர் பக்கமோ பொம்மசந்திரா பக்கமோ போகிறவர்கள் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு அலுவலகத்திலிருந்து கிளம்பினால், சாலையோரம் தனியாக நிற்க வேண்டியிருக்காது.