மடலில் பெயர் பிழையாகப் போய்விட்டால்: மௌனமா, ஒரு வரியா, தனி மன்னிப்பா?

கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றுக்குச் சிறப்புரையாற்ற ஒரு பேராசிரியரை அழைத்து மடல் போகிறது. "மதிப்பிற்குரிய திருமதி தமிழ்ச்செல்வி அவர்களுக்கு" என்று தொடங்கிய மடல். முதல்வருக்கும் துறைத்தலைவருக்கும் நகல் உண்டு. "மகிழ்ச்சி, வருகிறேன்" என்று பதில் வருகிறது. கீழே கையொப்பத்தில் "முனைவர் தமிழ்செல்வி". ஆக, பிழைகள் இரண்டு. ச் ஒற்றைப் போட்டது இலக்கணப்படி சரியாகவே இருக்கலாம், ஆனால் பெயருக்குரியவர் அதைப் போடுவதில்லை. பெயர் விஷயத்தில் நன்னூல் செல்லாது, கையொப்பம்தான் செல்லும். இரண்டாவது கொஞ்சம் கனமானது. முனைவரைத் திருமதி ஆக்கியதில் பட்டமும் போனது, கேட்காமலே திருமணமும் ஆயிற்று.

மடலைத் திரும்ப இழுத்துவிடலாமே என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஜிமெயிலில் Undo இருக்கிறது, ஆனால் அமைப்பில் அதிகபட்சம் வைத்தாலும் 30 விநாடிதான். அவுட்லுக்கின் Recall ஒரே நிறுவனத்துக்குள் போன மடலுக்குத்தான் உதவும். வெளியாருக்குப் போனதை அது அழிக்காது. 'அனுப்பியவர் இந்த மடலைத் திரும்பப் பெற விரும்புகிறார்' என்று ஓர் அறிவிப்பு வேறு சில சமயம் போய்ச் சேரலாம். அதுவரை கவனிக்காதவரும் அப்புறம் தேடிப் படிப்பார்.

எனவே உண்மையான போட்டி மற்ற மூன்றுக்குள்தான்.

மௌனமாகத் திருத்துவது என்றால் அடுத்த மடலில் சரியான பெயரை எழுதிவிட்டு மேலே போவது. இருவருக்குள் நடக்கும் கடிதப் போக்கில், பிழை ஓர் எழுத்து அளவில் இருந்தால், இதுவே நாகரிகம். தமிழ்ச்செல்விக்கும் தமிழ்செல்விக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் ஆயுள் முழுக்கப் பார்த்துப் பழகியிருப்பார்; அதற்கு ஒரு மன்னிப்பு வந்தால் "பரவாயில்லைங்க" என்று பதில் எழுதும் வேலைதான் அவருக்கு மிச்சம். ஆனால் பட்டப் பிழைக்கு மௌனம் போதாது. நகல் பெற்ற முதல்வர் அந்தத் "திருமதி"யை நம்பி அப்படியே வரவேற்புரையில் படித்துவிடுவார்.

தனி மன்னிப்பு மடல் எதிர்முனை. "பெரும் தவறு நேர்ந்துவிட்டது, மிகவும் வருந்துகிறேன்" என்று மூன்று பத்தி வந்தால், பெற்றவர் நம்மைத் தேற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். ஒருவரை இன்னொருவர் பெயரால் அழைத்துவிட்டது, ஆணைப் பெண்ணாகவோ பெண்ணை ஆணாகவோ எழுதியது போன்றவற்றுக்குத் தனித் தொடர்பு நியாயம்தான். அதற்கும் மடலைவிட இரண்டு நிமிடத் தொலைபேசி அழைப்பே மேல் என்பேன், குறிப்பாக மூத்தவர் என்றால்.

நம் பேராசிரியருக்குப் பொருந்துவது நடுவழி: அதே மடல் தொடரில், முன்பு நகல் பெற்ற அனைவரும் இருக்க, ஒரு வரி.

"வணக்கம் அம்மா. வர இசைந்தமைக்கு நன்றி. முந்தைய மடலில் தங்கள் பெயரையும் பட்டத்தையும் பிழையாக எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். அழைப்பிதழில் 'முனைவர் தமிழ்செல்வி' என்றே அச்சாகும். தங்கள் உரையின் தலைப்பை வெள்ளிக்குள் அனுப்ப இயலுமா?"

இதில் பழைய பிழை மறுபடி எழுதப்படவில்லை. எழுதினால் தேடலில் அதுவும் சேர்ந்து வரும். காரணமும் இல்லை. 'போனே மாற்றிவிட்டது' என்பது உண்மையாகவே இருந்தாலும் சாக்காகத்தான் கேட்கும். கடைசிக் கேள்வியால் அவர் மன்னிப்புக்கு அல்ல, வேலைக்குப் பதில் எழுதினால் போதும் என்றாகிறது. இந்த வரி அவருக்கு மட்டும் போனால் பாதி வேலைதான் நடந்திருக்கும்: பிழையைப் பார்த்தது மூன்று பேர், திருத்தத்தைப் பார்த்தது ஒருவர். நகல் இல்லாத மடலில் போன பிழையைத் திருத்தப் புதிதாக யாரையும் சேர்ப்பதோ அதைவிட மோசம்.

பிழை பொருள் வரியிலேயே இருந்தால் ஒரு சிக்கல். ஜிமெயிலில் பொருள் வரியை மாற்றினால் பதில் பழைய தொடரில் நிற்காமல் புதுத் தொடராகப் பிரிந்துவிடும். அந்த ஒரு சூழலில் பிரிவதே நல்லது. இல்லையென்றால் அடுத்து வரும் ஒவ்வொரு பதிலிலும் தவறான பெயர் தலையில் நிற்கும். கையோடு உங்கள் தொடர்புப் பட்டியலையும் பாருங்கள். அங்கே சேமித்த பெயர் பெறுநர் வரியில் அவர் கண்ணிலும் படலாம். உள்ளே "முனைவர்" என்று பவ்வியமாக எழுதிவிட்டு மேலே பழைய பிழையோடு அனுப்பியிருப்போம்.

இணைப்பில் போன அழைப்பிதழோ சான்றிதழோ தவறாக இருந்தால் மேலே சொன்ன எந்த நயமும் உதவாது. திருத்திய கோப்பை மறுபடி அனுப்ப வேண்டும், கோப்பின் பெயரிலேயே "திருத்தியது" என்று தேதியோடு இருக்க வேண்டும், முந்தையதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு வரி வேண்டும். அச்சகத்துக்கும் அதே நேரத்தில் சொல்லிவிடுங்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் முதல் கோப்புதான்.