கண் நரம்பு வீக்கத்துக்கு ‘டிரிப்’ பேக்கேஜ் விற்கிறார்கள், பினாங்கு மக்களே கவனம்

இனிப்புநீர் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து படியுங்கள்.

என் அண்ணனுக்கு 53 வயது. இனிப்புநீர், ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு மூன்றும் உண்டு. ஒருநாள் காலையில் எழுந்ததும் வலது கண்ணில் பாதி தெரியவில்லை. வலியே இல்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தால் மேல்வரிசைத் தேதிகள் தெரிகின்றன, கீழ்வரிசைகள் இருட்டாக இருக்கின்றன.

கண்ணாடிக் கடையில் “சீனி ஏறினா இப்படித்தான் அண்ணே” என்று புது லென்ஸ் மாட்டிவிட்டார்கள். பாதி மறைவதை எந்த லென்ஸும் சரிசெய்யாது. பிறகு போன தனியார் மையம்தான் மோசம். ஸ்கேன் எடுத்து, கண் நரம்பின் முகப்பு வீங்கியிருப்பதைக் காட்டி, டிரிப் போட்டால் நரம்புக்கு உயிர் வரும் என்று 3,800 ரிங்கிட்டை முன்பணமாகவே வாங்கினார்கள். ரத்தப் பரிசோதனை இல்லை. தலைவலி உண்டா, மெல்லும்போது தாடை வலிக்கிறதா, இரவில் என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, “பாருங்க, வீக்கம் வத்திடுச்சு, மருந்து வேலை செய்யுது” என்றார்கள். அண்ணனுக்குப் படியில் இறங்கும்போது அடுத்த படி இன்னும் தெரியவில்லை.

அரசாங்க மருத்துவமனையில் கண் மருத்துவர் டார்ச்சை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்தார். வெளிச்சம் வலது கண்ணுக்கு வரும்போது கருமணி சுருங்காமல் விரிந்தது. நரம்பு முகப்புக்கு ரத்தம் குறைந்து அடிபட்டிருக்கிறது என்றார். நரம்பு முகப்பின் மேல்பகுதி அடிபட்டதால்தான் பார்வையில் கீழ்ப்பாதி மறைந்திருக்கிறது. இந்த வீக்கம் டிரிப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே வற்றி, நரம்பு வெளிறிப்போகுமாம். சிலருக்குப் பார்வையும் ஓரளவு தானே தேறும். அந்த மையம் காசாக்கியது இதைத்தான். போன பார்வையை மீட்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் கிடையாது.

அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. 50 வயது தாண்டியவர்களுக்கு ரத்தக்குழாய் அழற்சியாலும் இதே வீக்கம் வரும். அதற்கு உடனே ஸ்டீராய்டு தராவிட்டால் அடுத்த கண்ணும் போகலாம். அதைக் கண்டுபிடிக்க உதவுபவை அந்த மையம் கேட்காத தலைவலி, தாடை வலிக் கேள்விகளும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனைகளும்தான். அண்ணனுக்கு நல்லவேளையாக அது இல்லை. ஆனால் அவர் இடது கண்ணின் நரம்பு முகப்பும் சிறியதாக, நெருக்கமாக இருக்கிறது, அதற்கும் ஆபத்து உண்டு. இரவில் எடுத்த பிரஷர் மாத்திரையைத் தூக்கத்தில் அழுத்தம் அதிகம் இறங்காதபடி மருத்துவர் காலைக்கு மாற்றினார். அலமாரியில் கிடந்த சீபேப் மூச்சுக் கருவியைத் தினமும் போடச் சொன்னார். மாத்திரையை நீங்களாக மாற்றாதீர்கள், கேட்டு மாற்றுங்கள்.

இப்படி யாருக்காவது திடீரென்று பார்வை மங்கினால் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்து விட்டுக் கருமணியை விரித்துப் பார்க்காமல், அந்த ரத்தப் பரிசோதனைகளை எடுக்காமல் யாராவது பேக்கேஜ் பேசினால் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். எங்களுக்கு மிச்சமிருக்கும் டிரிப்புக்கான பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். ரசீதோடு புகார் கொடுக்கப் போகிறோம்.